அதிக ஒளியை வாங்கும் ஃபைபர், வேகமான ஃபைபரா?

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் அலுவலகத்துக்கும் டிசைன் பிரிவுக்கும் நடுவே 180 மீட்டருக்கு ஃபைபர் கேபிள் போட வேண்டும். 10 ஜிகாபிட் வேகம் வேண்டும். கடைக்காரர், "OM1 கேபிளுக்கு என்.ஏ. 0.275, OM3-க்கு வெறும் 0.20. OM1 ஒளியை அதிகமாக வாங்கும், அதனால் வேகமும் கூடும், விலையும் குறைவு" என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வாங்க வேண்டாம். அவர் சொன்ன எண்கள் சரி, முடிவுதான் தலைகீழ்.

என்.ஏ. என்கிற நியூமெரிக்கல் அபெர்ச்சர், ஃபைபரின் முனை எவ்வளவு சாய்வாக வரும் ஒளியை உள்ளே ஏற்கும் என்பதற்கான அளவு. அந்தச் சாய்வின் எல்லைதான் ஏற்புக் கோணம். அதன் சைன் மதிப்பே என்.ஏ. 0.275 என்றால் அச்சிலிருந்து ஏறக்குறைய 16 டிகிரி வரை வரும் கதிர்கள் உள்ளே நிற்கும். 0.20 என்றால் 11.5 டிகிரி. ஆக, OM1 அதிக ஒளியை வாங்கும் என்பது உண்மை. எல்.இ.டி. போலச் சிதறி ஒளிவிடும் மலிவான மூலங்களுக்கும் குறைந்த தூரத்துக்கும் அது வசதியும்கூட.

சிக்கல், உள்ளே போன பிறகு ஆரம்பிக்கிறது. வெளியே 16 டிகிரியில் வரும் கதிர், கண்ணாடிக்குள் நுழைந்ததும் சுமார் 10.7 டிகிரிச் சாய்வில் ஓடுகிறது. ஒளி ஓடும் நடுப்பகுதியான உள்ளகம் முழுவதும் ஒரே ஒளிவிலகல் எண் கொண்ட ஃபைபர் என்று வைத்துக்கொண்டு உங்கள் 180 மீட்டருக்குக் கணக்குப் போடுவோம். சாய்ந்து எகிறி எகிறிப் போகும் கதிர், நேராகப் போகும் கதிரைவிட 3 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு ஆகும் நேரம் சுமார் 15 நானோ செகண்ட். ஒரே கணத்தில் புறப்பட்ட ஒளித் துடிப்பு, மறுமுனையில் 15 நானோ செகண்ட் அகலத்துக்குப் பரந்து வந்து சேரும். 10 ஜிகாபிட்டில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் இடமோ 0.1 நானோ செகண்ட்தான். ஒரு பிட், பின்னால் வரும் சுமார் 150 பிட்டுகளின் மேல் வழிந்துவிடும்.

OM1 இவ்வளவு மோசமில்லை. அதன் உள்ளகத்தில் நடுவில் ஒளிவிலகல் எண் அதிகமாகவும் ஓரத்தை நோக்கிக் குறைவாகவும் இருக்கும்படி செய்திருப்பார்கள். ஓரம் வரை போகும் கதிர் நீண்ட வழியில் போனாலும் அங்கே வேகமாக ஓடிப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. மீதமிருக்கும் பரவலைத்தான் கேபிளின் தகவல் தாளில் 'மெகாஹெர்ட்ஸ்-கிலோமீட்டர்' என்று போட்டிருப்பார்கள். 850 நானோமீட்டர் ஒளிக்கு OM1-இல் இது 200, OM3-இல் லேசருக்கு 2000. இதை 0.18 கிலோமீட்டரால் வகுத்தால் OM1 சுமார் 1,100 மெகாஹெர்ட்ஸ், OM3 சுமார் 11,000. 1,100-இல் துடிப்பு ஏறக்குறைய 0.4 நானோ செகண்டுக்குப் பரவும், அதாவது நான்கு பிட் அகலம். OM3-இல் 0.04, பாதி பிட்டுக்கும் குறைவு. நீங்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது என்.ஏ.வை அல்ல, இந்த எண்ணைத்தான்.

ஒளியை அனுப்பவும் வாங்கவும் சுவிட்சில் செருகும் 10GBASE-SR என்ற வழக்கமான மாட்யூலுக்குத் தரநிலை சொல்லும் தூரமும் இதையே காட்டுகிறது: OM1-இல் 33 மீட்டர், OM3-இல் 300 மீட்டர். 1 ஜிகாபிட் போதும் என்றால் OM1-இல் 275 மீட்டர் வரை போகலாம். "இன்னொரு இடத்தில் போட்டுக் கொடுத்தேன், நன்றாக ஓடுகிறது" என்று அவர் சொன்னால், அது எந்த வேகத்தில் என்று கேளுங்கள்.

தெரியாமல் வாங்கிப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? பவர் மீட்டரில் ஒளி நன்றாகவே வரும், சுவிட்சில் லிங்க் விளக்குகூட எரியலாம். ஆனால் போர்ட்டில், தரவு சிதைந்து வருவதைக் காட்டும் CRC பிழைகள் ஏறிக்கொண்டே போகும், அல்லது இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஒளி போதிய அளவு வந்தும் பிழை ஏறினால் பரவலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போது அதிகச் சக்தியுள்ள மாட்யூல் வாங்கினாலும் பயனில்லை, மங்கலாகக் கலந்த துடிப்புகள் பிரகாசமாகக் கலந்து வரும், அவ்வளவுதான்.

சரி, எதை வாங்குவது? OM3 உங்கள் தூரத்துக்குத் தாராளம். ஆனால் மண்ணுக்கடியில் குழாய் போட்டு இழுப்பதாக இருந்தால் நான் OS2 என்ற சிங்கிள் மோட் கேபிளையே பரிந்துரைப்பேன். அதன் என்.ஏ. சுமார் 0.14தான், ஒளிக்கு ஒரே வழிதான் உண்டு, அதனால் வழி வித்தியாசத்தால் வரும் பரவல் அடியோடு இல்லை. 10GBASE-LR மாட்யூலுடன் 10 கிலோமீட்டர் வரை 10 ஜிகாபிட் போகும். கேபிள் பொதுவாக OM3-ஐவிட மலிவு, மாட்யூல்தான் கொஞ்சம் விலை கூடும். இரு முனையிலும் LR-ஆகவே வாங்குங்கள்.

பழைய OM1 துண்டு மிச்சமிருக்கிறது, OM3-ஓடு சேர்த்து இணைத்துவிடலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். OM1-இன் 62.5 மைக்ரான் உள்ளகத்திலிருந்து OM3-இன் 50 மைக்ரானுக்கு மாறும் இடத்தில் ஒளி வீணாகும், பரவலும் OM1 துண்டில் வந்துவிடும். பணம் கொடுக்குமுன் உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஆரஞ்சு நிறமாக இருந்து 62.5/125 என்று இருந்தால் OM1. OM3 பெரும்பாலும் நீலப்பச்சை, சிங்கிள் மோட் மஞ்சள். வெளியில் போடும் கேபிள்கள் பெரும்பாலும் கறுப்பாக வரும் என்பதால், அங்கே நிறத்தை நம்பாமல் எழுத்தை மட்டும் பாருங்கள்.