நாடி 104: ஊசிக்கு முன் எண்ணிப் பாருங்கள்

"அப்பாவுக்கு (58) வேலூரில் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து இன்று நாலாவது நாள். குடியாத்தம் வீட்டில் விரல் மெஷின் நாடி 104 காட்டுகிறது. ஜுரம் இல்லை, வலி இருக்கிறது. இன்ஃபெக்‌ஷன், மூன்று ஊசி போட வேண்டும் என்கிறார் மெடிக்கல் ஷாப்காரர். போடலாமா?"

வேண்டாம். மெஷினை எடுத்து வைத்துவிட்டு அவரைப் பத்து நிமிடம் படுக்க வையுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 104 தொண்ணூறுக்குள் இறங்கினால், பெரும்பாலும் அது வலியின் நாடி. இருமினால், எழுந்தால் ஏறும், படுத்தால் இறங்கும்.

ரத்தக்கசிவு வேறு மாதிரி. பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். மாத்திரைக்கு அசையாமல் மணிக்கு மணி நாடி ஏறிக்கொண்டே போகும். உட்கார்ந்தால் தலைசுற்றும், குளிர்ந்த வியர்வை வரும், சிறுநீர் குறையும், விதைப்பையோ தொடை இடுக்கோ வீங்கும். பிரஷர் நார்மல் என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள், அது கடைசியில்தான் விழும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சீழின் அடையாளம், இறங்கிய நாடி மறுபடி ஏறுவது. பேரணாம்பட்டுக்காரர் ஒருவருக்கு முதல் நாள் 92, மூன்றாம் நாள் 80. ஐந்தாம் நாள் மாலை 98, கூடவே 100.4 டிகிரி ஜுரம். தையலைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சூடு, விண்விண்ணென்று தெறிப்பு. ஜுரம் ஒரு டிகிரி ஏறினால் நாடி சுமார் 10 ஏறும், அதனால் கணக்கு பொருந்தியது. அவருக்கும் கடையில் முதலில் ஊசிதான் போட்டார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஜுரம் மட்டும் அடங்கும், சீழ் உள்ளே சேரும். தேங்கிய சீழை ஊசி வெளியே எடுக்காது, தையலைத் திறந்துதான் எடுக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டு, "எனக்குத் தெரிந்த நர்சிங் ஹோம் இருக்கிறது" என்பவருக்கு அங்கே கமிஷன் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அப்பா பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனோலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறாரா? மாத்திரை அட்டையின் பின்புறம் பாருங்கள். இவை நாடியைக் கட்டிப் போடும். வழக்கமாக 60-இல் இருப்பவருக்கு 84 வந்தாலே நான் சும்மா இருக்கமாட்டேன். ரத்தம் கசிந்தாலும் அவருக்கு நூறைத் தாண்டாமல் போகலாம். நாடியைப் பார்க்க வேண்டும் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. இப்படிப்பட்டவருக்கு நாடியை விட தலைசுற்றல், வியர்வை, வீக்கம் இவைதான் சாட்சி.

வீட்டுக்கு அனுப்பும்போது நாடி எவ்வளவு இருந்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தேடிப் பாருங்கள். பல சீட்டுகளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். இருப்பதும் ஆங்கிலத்தில், அதுவும் கிறுக்கல். எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் மாறவில்லை.

மாத்திரைக்குப் பிறகும் நாடி நூறுக்கு மேலேயே நின்றால், ஜுரம் இல்லாவிட்டாலும், இன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கட்டைப் பிரித்துக் காட்டுங்கள். எண்ணிய நேரத்தையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.