அடியில் ‘செங்ஹுவா’ என்று எழுதியிருந்தால் கிண்ணம் மிங் காலத்ததா?

கேள்வி: என்னிடம் நீலமும் வெள்ளையுமான பழைய சீனப் பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அடியில் ஆறு எழுத்துகள். அவை ‘மிங் வம்சத்துச் செங்ஹுவா ஆட்சி’ என்று படிக்கப்படுவதாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் இது 500 ஆண்டுப் பழையதா?

பெரும்பாலும் இல்லை. முத்திரையைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்; அதைச் செய்த தேதி என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

முதலில் நீங்களே படித்துப் பாருங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து, எழுத்துகள் நேராக நிற்கும்படி பிடியுங்கள். வலப்பக்க வரிசையை மேலிருந்து கீழாகப் படித்த பிறகு இடப்பக்க வரிசைக்கு வர வேண்டும். வலப்பக்கத்தில் ‘தா, மிங், செங்’. இடப்பக்கத்தில் ‘ஹுவா, நியென், ஜி’. மகத்தான மிங் வம்சத்துச் செங்ஹுவா ஆண்டுகளில் செய்தது என்று பொருள். மூன்றாவது, நான்காவது எழுத்துகளே ஆட்சியின் பெயர். நான்கு எழுத்து மட்டும் இருந்தால், முதலிரண்டான வம்சப் பெயரை விட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம்.

செங்ஹுவா ஆட்சி 1465 முதல் 1487 வரை. அந்தக் காலத்து அரண்மனைப் பீங்கான் மிக அரிது. ஜிங்தேஜென் நகரின் அரசுச் சூளையில் சிறு குறை கண்டாலும் கிண்ணத்தை உடைத்துப் புதைத்துவிடுவார்கள். 1980களில் அங்கே தோண்டியபோது அந்தச் சில்லுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அடுத்த நூற்றாண்டிலேயே செங்ஹுவா பாண்டங்களுக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது. பிறகென்ன, அந்தப் பெயரை எழுதும் வழக்கம் மிங் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

ஆனால் இப்படி எழுதியவர்கள் எல்லோரையும் மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1677இல், மிங் வம்சத்துக்குப் பின் வந்த சிங் வம்சத்துப் பேரரசர் காங்ஷியின் ஆட்சியில், ஜிங்தேஜென் வட்டார அதிகாரி ஒரு தடை போட்டார். பேரரசரின் ஆட்சிப் பெயரைப் பீங்கானில் எழுதினால், பாண்டம் உடையும்போது அது குப்பையில் மிதிபடும். ஆகவே எழுதக் கூடாது என்றார். தனியார் சூளைக்காரர்கள் என்ன செய்வார்கள்? சிலர் இரட்டை வட்டம் வரைந்து உள்ளே வெறுமையாக விட்டார்கள். சிலர் இலைச் சின்னம் போட்டார்கள். பலர் பழைய மிங் பேரரசர்களின் பெயரை எழுதினார்கள். அதில் செங்ஹுவாவுக்குத் தனிச் செல்வாக்கு. முன்னோர் கைவேலைக்கு மரியாதை என்பதும் அதில் உண்டு. எனவே ‘செங்ஹுவா’ என்று எழுதிய நல்ல கிண்ணத்தைக் கண்டால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் காங்ஷி காலம்தான்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் அப்படி ஒன்று உண்டு. முத்திரையைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பார்த்தோம். மலைகளின் நீலம் ஒரே சாயமாக இல்லை. அடர் நீலத்திலிருந்து வெளிர் நீலம்வரை நாலைந்து படிகளாக, தண்ணீர் சேர்த்துச் சேர்த்துத் தீட்டியதுபோல இறங்கியது. இந்தப் படிநிலைத் தீட்டல் காங்ஷி காலத்து ஓவியர்களின் கைவரிசை. செங்ஹுவா ஓவியர்கள் மெல்லிய கோடு வரைந்து, உள்ளே மென்மையான நீலத்தை நிரப்புவார்கள். அடுத்தது மேற்பூச்சு. செங்ஹுவா பூச்சில் நெய் தடவியதுபோன்ற மென்மையும் இளஞ்சூடான வெண்மையும் இருக்கும். இதிலோ நீலச் சாயல் கொண்ட குளிர்ந்த வெள்ளை. அடி வளையத்தின் பூசப்படாத விளிம்பில் களிமண் வெண்மையாக, நைசாக, துப்புரவாகச் சீவப்பட்டிருந்தது. கடைசியில்தான் முத்திரை. உண்மையான செங்ஹுவா எழுத்து தடித்த கோடுகளோடு, குழந்தை எழுதியதுபோலக் கொஞ்சம் வெகுளியாக இருக்கும். இதில் பழகிய எழுத்தரின் ஒழுங்கு இருந்தது. எல்லாம் ஒரே திசையில் கைகாட்டியதால் காங்ஷி என்று முடிவு செய்தோம். உரிமையாளருக்கு ஏமாற்றம்தான், 300 ஆண்டுப் பழைய நல்ல பாண்டம் கையில் இருப்பதை ஏற்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வேடிக்கை என்னவென்றால், காங்ஷிக்கும் அதே கதி நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிங் பேரரசர் குவாங்ஷுவின் ஆட்சியில், காங்ஷி பெயர் போட்ட நீல வெள்ளைப் பாண்டங்கள் ஏராளமாக வந்தன. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடினார்கள். சூளைகள் அதற்கேற்பச் செய்து கொடுத்தன. இவற்றில் நான்கெழுத்துக் காங்ஷி முத்திரை அதிகம்.

உங்கள் கிண்ணம் சீனாவிலேயே செய்யப்படாததாகவும் இருக்கலாம். ஜப்பானின் அரிதா சூளைகளும் செங்ஹுவா பெயரைத் தாராளமாக எழுதின. அங்கே பெரிய தட்டுகளைச் சுடும்போது அடி தொய்யாமல் இருக்கச் சிறு களிமண் முளைகளை முட்டுக் கொடுப்பார்கள். அவை ஒட்டியிருந்த இடத்தில், அடி வளையத்துக்கு உள்ளே, பூச்சில் ஊசிமுனை போன்ற வடுக்கள் நிற்கும். சிறு கிண்ணங்களில் இந்த வடு இல்லாமலும் இருக்கும் என்பதால், வடு இல்லை என்பதை வைத்து ஜப்பான் அல்ல என்று சொல்லிவிட வேண்டாம்.

படம் போடுவதாக இருந்தால் முத்திரையை மட்டும் போடாதீர்கள். அடி வளையத்தின் விளிம்பைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, நீலச் சித்திரத்தை மிக அருகில் ஒன்று, கிண்ணத்தின் முழு வடிவம் தெரியும்படி ஒன்று எடுங்கள். அப்போதும் என்னால் காலத்தை ஊகிக்கத்தான் முடியும். எடையும் பூச்சின் தொடுவுணர்வும் கையில் எடுத்தால்தான் தெரியும்.