ஹாப்பர் விரிப்பு: உயரத்தை அப்படியே வைத்து வெட்டாதீர்கள்

கேள்வி: மேல் விட்டம், கீழ் விட்டம், உயரம் மூன்றும் கையில் இருக்கிறது. கூம்பு ஹாப்பருக்குத் தகட்டில் விரிப்பு எப்படிப் போடுவது?

பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பழகிய நாட்களில், அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைக்கு ஒரு ஹாப்பர் செய்தேன். மேல் விட்டம் 600 மி.மீ., கீழே 200, செங்குத்து உயரம் 480. வளைத்து வெல்டு வைத்து அளந்தால் இரண்டு வாயும் கச்சிதம். ஆலையில் ஸ்டாண்டில் ஏற்றியபோதுதான் கீழ் வாய் குழாயைத் தொடாமல் நாலரை சென்டிமீட்டர் மேலேயே நின்றது. “உயரத்தை எங்கல அளந்த?” என்றார் பட்டறை அண்ணாச்சி.

தகடு சாய்ந்துதானே இறங்குகிறது? அதனால் விரிப்புக்கு வேண்டியது சாய்வு உயரம். மேல் ஆரம் 300, கீழ் ஆரம் 100, வித்தியாசம் 200. 480-இன் வர்க்கத்தோடு 200-இன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 520. நான் 480-ஐயே சாய்வாக வைத்ததால் ஹாப்பரின் உயரம் 436 ஆகிவிட்டது. இந்தத் தப்பில் வில்லின் நீளம் மாறாது, வாய் சரியாகவே வரும். அதனால்தான் வாயை மட்டும் அளந்தால் பிடிபடாது.

அப்புறம், கூம்பை முனை வரை நீட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வில்லின் ஆரம் 520 × 300 ÷ 200 = 780. சின்ன வில்லுக்கு 780-இல் 520 போக 260. கோணம் 360 × 300 ÷ 780, அதாவது சுமார் 138.5 டிகிரி.

இந்தக் கோணத்தைப் பாகைமானி வைத்துக் குறிக்காதீர்கள். அரை டிகிரி பிசகினால் வெளி வில்லில் கிட்டத்தட்ட 7 மி.மீ. போய்விடும். ஒரு பட்டையில் 260, 780 தூரத்தில் துளை போட்டு, சென்டர் பஞ்ச் அடித்த புள்ளியை மையமாக வைத்து இரண்டு வில்லையும் கீறுங்கள். நூல் வேண்டாம், இழுபடும். பெரிய வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோட்டில் 1459 அளந்து குறித்து, இரண்டு முனையையும் மையத்தோடு இணையுங்கள். கடைசியில் வளையும் டேப்பை வில்லோடு வைத்துப் பாருங்கள்: வெளியே 1885, உள்ளே 628 வர வேண்டும். வந்தால் வெட்டலாம்.

2 மி.மீ. தகட்டில் விட்டத்தைத் தகட்டின் நடுக்கனத்துக்கு எடுக்க வேண்டும். வெளி விட்டத்தை அப்படியே போட்டால் சுற்றளவில் 6 மி.மீ. கூடிவிடும். விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டு வைப்பதானால் இந்த அளவே போதும். மேல்மடித்து ரிவெட் அடிப்பதானால் ஒரு நேர்விளிம்பில் மடிப்புக்குத் தகடு விடுங்கள்.

இரண்டு விட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்த வழி சரிப்படாது. 300, 280 விட்டம், 500 உயரம் என்றால் ஆரம் ஏழரை மீட்டர் வரும். பட்டறைக்குள் மையம் வைக்க இடமே இருக்காது. அதற்கு இரண்டு வாயையும் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து, முக்கோணம் முக்கோணமாக விரிக்க வேண்டியதுதான்.