125 நியூட்ரான் ஏன் வருவதில்லை

“கன உலோக இலக்கில் வேகமான புரோட்டான்களை மோதவிட்டு நியூட்ரான் எடுக்கிறார்கள். 1 ஜிஇவி புரோட்டான் என்றால் அதன் ஆற்றல் 1000 எம்இவி. அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பிரிக்க 8 போதும். ஒரு புரோட்டானுக்கு 125 நியூட்ரான் வர வேண்டுமே, ஏன் 20, 30 என்றே போடுகிறார்கள்?”

நீங்கள் வகுத்தது சரி. ஆனால் அந்த 1000 முழுவதும் கருவுக்குப் போய்ச் சேர்வதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருக்கும் பாதரச இலக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவில் மோதுவதற்குள் புரோட்டான் சராசரியாக 15 செ.மீ. பாதரசத்தைக் கடக்கிறது. எலக்ட்ரான்களைத் தள்ளியே செ.மீ.க்கு ஏறக்குறைய 16 எம்இவி போய்விடும். ஆக, முதல் மோதலுக்கு முன்பே 240 அளவுக்கு வெறும் வெப்பமாகிறது.

மோதியதும் சில துகள்கள் பெரிய ஆற்றலோடு வெளியே பாய்கின்றன. அவற்றில் சில அடுத்த கருக்களைத் தாக்கும், சில இலக்கை விட்டே தப்பிவிடும். பையான் எனும் குறுகிய ஆயுள் கொண்ட துகள்களை உருவாக்கவும் ஒரு பங்கு செலவாகிறது. மிச்ச ஆற்றலில் கரு கொதிக்க, கொதிநீரிலிருந்து ஆவி கிளம்புவதுபோல நியூட்ரான்கள் கழல்கின்றன. எண்ணிக்கையில் பெரும்பகுதி இவைதான். பிரிவதற்கு 8 செலவானதுபோக, ஒவ்வொன்றும் சுமார் 2 எம்இவி இயக்க ஆற்றலையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பும்.

25 நியூட்ரான் என்று வையுங்கள், தலைக்கு 40 எம்இவி ஆகிறது. உங்கள் கணக்கில் 8 இருக்கும் இடத்தில் இந்த 40 வர வேண்டும். புரோட்டான் கற்றையின் ஆற்றலில் பாதிக்கு மேல் இலக்கிலேயே வெப்பமாகத் தங்குவதால்தான் அங்கே பாதரசத்தை ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள்.