பாஸ்புக்கில் இருந்த டாலர்

அன்புள்ள ஐயா,

2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, முப்பது வருடம் ஆசிரியராக இருந்து என் அம்மா சேர்த்த நிலையான வைப்பின் பெறுமதி கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. காசு அச்சடிக்கும் அதிகாரத்தையே எடுத்துவிட்டால் இப்படி நடக்காதுதானே? வெளிநாட்டுக் காசுக் கையிருப்புக்கு ஈடாக மட்டுமே நம் காசை வெளியிடும், 1950 வரை இலங்கையில் இருந்த கரன்சி போர்டுக்குத் திரும்பலாம், அல்லது ஈக்வடோர் போல டொலரையே நம் காசாக எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஹொங்கொங்கில் நாற்பது வருடமாகக் கரன்சி போர்டு நிற்கிறது. பிறகு மத்திய வங்கி எதற்கு? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ந., வவுனியா

அன்புள்ள ந.,

உங்கள் அம்மாவின் வைப்பைப் பற்றிய வரியைத் தாண்டிச் செல்ல எனக்கு நேரம் பிடித்தது. சில வாரங்களாக, அர்ஜென்டினாவின் கரன்சி போர்டு நெருக்கடியில் சிக்கிய 2001-ஆம் ஆண்டைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கும் வங்கி வாசலில் நின்றவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுத்தர்களும்தான். ஆனால் ‘மத்திய வங்கி எதற்கு’ என்று நீங்கள் கேட்பதில் கோபம் இருக்கிறது, யோசனை இல்லை. அந்தக் கோபம் நியாயமானது என்பதற்காக அதிலிருந்து பிறக்கும் தீர்வும் சரியாகிவிடாது.

ஹாங்காங்கை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 1983-இல் ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 என்று கட்டிய முடிச்சை அது இன்றுவரை காத்துவருகிறது, உண்மைதான். அந்த அரசிடம் பெரும் டாலர் கையிருப்பு இருந்தது, கடன் அநேகமாக இல்லை. 1998-க்குப் பின் ஆண்டுக்கணக்கில் விலைகளும் கூலியும் இறங்கியதை அந்த நகரம் தாங்கிக்கொண்டது. அந்த நிலையில் இருக்கும் நாடு உங்களைப் போல இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அர்ஜென்டினா கேட்டது. 1989-இல் அங்கே விலைவாசி ஒரே ஆண்டில் முப்பது மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. 1991 ஏப்ரலில், கார்லோஸ் மெனெம் அதிபராகவும் டொமிங்கோ கவாலோ பொருளாதார அமைச்சராகவும் இருந்தபோது, பணமாற்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு அறிமுகமான புதிய பெசோ ஒன்றுக்கு ஒரு டாலர் என்பது சட்டம். அதை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டும். மத்திய வங்கி வெளியிடும் பணத்துக்கு ஈடாக டாலர் கையிருப்பு இருக்க வேண்டும். அந்த ஈட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை அரசின் சொந்த டாலர் கடன்பத்திரங்களாக இருக்கலாம் என்று ஒரு சிறு கதவும் திறந்துவைக்கப்பட்டது. பலன் உடனே தெரிந்தது. இரண்டே ஆண்டுகளில் விலையேற்றம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. நீங்கள் அப்போது பியூனஸ் அயர்ஸில் இருந்திருந்தால் அந்தச் சட்டத்துக்குக் கைதட்டியிருப்பீர்கள், நானும் தட்டியிருப்பேன்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ‘ஒவ்வொரு பெசோவுக்கும் ஒரு டாலர் பெட்டியில் இருக்கிறது’ என்று அன்று சொன்னார்கள். எந்த பெசோவுக்கு என்று கேட்டவர்கள் குறைவு. ஈடு இருந்தது மத்திய வங்கி வெளியிட்ட பணத்துக்கு, அதாவது மக்கள் கையில் இருந்த நோட்டுக்கும் வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருந்த இருப்புக்கும் மட்டுமே. நீங்கள் ஆயிரம் பெசோவை வங்கியில் போடுகிறீர்கள். வங்கி இருநூறைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணூறை ஒரு கடைக்காரருக்குக் கடன் தருகிறது. அவர் அதைச் சரக்கு விற்றவருக்குக் கொடுக்க, அது மீண்டும் ஒரு வங்கிக்கு வைப்பாக வருகிறது. இப்போது இரண்டு பாஸ்புக்குகளில் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு பெசோ எழுதப்பட்டிருக்கிறது; பெட்டியில் இருப்பதோ ஆயிரம் டாலர். அந்தக் கடன் இன்னும் நான்கு கை மாறினால் இடைவெளி இன்னும் அகலும். இதில் மோசடி எதுவும் இல்லை, உலகில் எல்லா வங்கியும் இப்படித்தான் நடக்கிறது. 2000-ஆம் ஆண்டின் முடிவில் அர்ஜென்டினாவின் வங்கிகளில் இருந்த வைப்பு 80 பில்லியனுக்கும் மேல். போர்டு ஈடு வைத்திருந்த அடிப்படைப் பணம், அதாவது மத்திய வங்கி வெளியிட்ட அந்தப் பணம், சுமார் 15 பில்லியன்.

சாதாரண நாட்டில் மக்கள் பதறிப்போய் வங்கி வாசலில் நின்றால், மத்திய வங்கி அந்த வங்கியின் நல்ல சொத்துகளை அடமானமாக வாங்கிக்கொண்டு தேவையான பணத்தைத் தரும். பணம் கிடைக்கும் என்று தெரிந்ததும் பாதி வரிசை கலைந்துவிடும். கரன்சி போர்டில் அந்தக் கை கட்டப்பட்டிருக்கிறது. டாலர் வெளியேறினால் அதே அளவு பெசோ புழக்கத்திலிருந்து தானாகவே விலகுகிறது, வட்டி ஏறுகிறது, கடன் சுருங்குகிறது. யாரும் கூடி முடிவெடுப்பதில்லை. எவரும் தலையிட முடியாது என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். நல்ல காலத்தில் அரசியல்வாதியின் கையைக் கட்டிய அதே கயிறு, பஞ்ச காலத்தில் வைத்தியரின் கையையும் கட்டியது.

இதில் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் ஒரு நிதி நிறுவனம் இருந்தது. அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை அதில் போட்டார். ஒரு நாள் காலையில் அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. அன்று மாலை முழுவதும் அப்பா பாஸ்புக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண் அப்படியே இருந்தது, ஒரு இலக்கம்கூடக் குறையவில்லை. ‘எழுதியிருக்கிறதே’ என்று அம்மாவிடம் இரண்டு மூன்று முறை சொன்னார். பாஸ்புக்கில் எழுதியிருப்பது பணம் அல்ல, பணம் தருவதாக ஒருவர் சொன்ன சொல் என்பதை அன்று பதினான்கு வயதில் நான் கற்றுக்கொண்டேன்.

அர்ஜென்டினாவில் அந்தக் காலை 2001 டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. 1999 ஜனவரியில் பக்கத்து நாடான பிரேசில் தன் பணத்தின் மதிப்பைச் சரிய விட்டது. அர்ஜென்டினாவின் ஏற்றுமதியில் கால் பங்குக்கும் மேல் பிரேசிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதே காலத்தில் டாலரும் வலுத்துக்கொண்டிருந்ததால், டாலரோடு கட்டப்பட்ட பெசோவும் அதனுடன் சேர்ந்து ஏறியது. பணத்தின் விலையை இறக்க முடியாத நாடு பொருளின் விலையையும் ஆளின் கூலியையும் இறக்க வேண்டும். அது வருடக்கணக்கில் வலித்து வலித்து நடக்கும். 2001 ஜூலையில் அரசு ஊழியர் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் 13 சதவீதம் வெட்டினார்கள். பொருளாதாரம் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

கயிறு அறுகிறது என்பதை முன்கூட்டியே காட்டிய அறிகுறி ஒன்று உண்டு. ஒரே வங்கியில் பெசோ வைப்புக்கும் டாலர் வைப்புக்கும் தரும் வட்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பெசோ ஒரு டாலர்தான் என்று எல்லோரும் நம்பினால் இரண்டும் அநேகமாக ஒன்றாக இருக்க வேண்டும். 2001-இல் அந்த இடைவெளி விரிந்துகொண்டே போனது. மீண்டும் அமைச்சராக வந்திருந்த கவாலோ, பெசோவை டாலரோடு மட்டுமன்றி யூரோவோடும் சேர்த்துக் கட்டலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். முடிச்சைத் தொடவே மாட்டோம் என்று பத்தாண்டு சொன்னவர் அதைத் தொட்டதும் மக்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆண்டில் வைப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளியேறியது. டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்க முடியாது என்று கட்டளை வந்தது. மூன்று வாரத்துக்குள் தெருக்களில் உயிர்கள் போயின, அப்போதைய அதிபர் பதவி விலகி ஹெலிகாப்டரில் வெளியேறினார், அரசு தன் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. 2002 ஜனவரியில், பெசோவை டாலரோடு கட்டிய சட்டம் முடிவுக்கு வந்தது. சில மாதங்களில் ஒரு டாலருக்கு மூன்றரை பெசோவுக்கும் மேல் கொடுக்க வேண்டியதாயிற்று.

முடிச்சு அவிழாது என்று நம்பியே மக்கள் வீட்டுக்கடனையும் தொழில் கடனையும் டாலரில் வாங்கியிருந்தார்கள், வைப்பையும் டாலரில் போட்டிருந்தார்கள். வாக்குறுதி எவ்வளவு வலுவாகத் தெரிந்ததோ அவ்வளவு கடன் அதன்மேல் எழுதப்பட்டது. அதனால்தான் வெளியேறுவது அவ்வளவு கொடுமையாக இருந்தது. டாலர் கடனை ஒன்றுக்கு ஒன்று என்றும், டாலர் வைப்பை ஒன்றுக்கு 1.40 பெசோ என்றும் அரசு மாற்றியது. டாலரின் சந்தை விலை அதைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தபோது, வைப்பாளருக்குக் கிடைத்தது அந்த 1.40 தான், அதுவும் உடனே கையில் இல்லை.

உங்கள் நாட்டின் பழைய போர்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1884-இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, அதன் நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று ஆளுநர் ஆர்தர் கார்டன் அறிவித்தார். அதே ஆண்டில்தான் இலங்கையின் கரன்சி போர்டு பிறந்தது. ஆளுநர் ஏற்ற பொறுப்பு நோட்டுக்குத்தான், வைப்புக்கு அல்ல. அந்த வேறுபாடு போர்டின் பிறப்பிலேயே இருக்கிறது.

ஈக்வடார் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாலரை ஏற்றபின் அங்கே விலைவாசி அடங்கியது, மக்கள் இன்றும் அதை விட மறுக்கிறார்கள். ஆனால் டாலர் வந்தால் அரசு ஒழுங்காகிவிடும் என்று உங்களுக்குச் சொன்னவர்களிடம், ஈக்வடார் 2008-இலும் 2020-இலும் கடனைத் தவறியதை எடுத்துச் சொல்லுங்கள். மாற்றிய விலையையும் சொல்லுங்கள். ஓராண்டுக்கு முன் டாலருக்கு ஏழாயிரம் அளவில் இருந்த அந்நாட்டின் பழைய பணமான சுக்ரே, 2000-இல் டாலருக்கு 25,000 என்ற கணக்கில் மாற்றப்பட்டது. சுக்ரேயில் சேமித்தவர்களின் இழப்பு அந்த எண்ணோடு நிரந்தரமாகிவிட்டது.

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. 2022 மே மாதத்தில், உடனே பயன்படுத்தக்கூடிய டாலர் கையிருப்பு 50 மில்லியன்கூட இல்லை என்று உங்கள் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அப்போது இலங்கையின் அடிப்படைப் பணம் ஒரு இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்தக் கையிருப்பை மட்டும் ஈடாக வைத்து அன்று போர்டு அமைப்பதானால், அடிப்படைப் பணத்தைக் கையிருப்பால் வகுக்க வேண்டும். டாலருக்கு 20,000 ரூபாய்க்கு மேல் வரும். இல்லையென்றால் டாலரை முதலில் கடன் வாங்க வேண்டும். 360-இல் உங்கள் அம்மாவின் வைப்பு எவ்வளவு தேய்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். 20,000-இல் அது எவ்வளவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.