மராத்தி உறை, கோவை கூரியர்: கேள்வி பதில்

மகாராஷ்டிரத்தில் வாயி என்ற ஊரில் இருக்கும் அக்காவுக்குக் கூரியர் அனுப்ப, அவர் மராத்தியில் முகவரி எழுதிப் போட்ட கடித உறையை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பின்கோடு 892603 என்று படித்தேன். கூரியர்காரர் அப்படி ஒரு ஊரே இல்லை என்கிறார்.

மராத்தி நாலு நம் கண்ணுக்கு எட்டு மாதிரி தெரியும், ஒன்று ஒன்பது மாதிரி. மேலே வாய் திறந்திருந்தால் அது நாலு. எட்டோ சாய்ந்த ஒரு வளைவுதான், அதைத்தான் ஆறு என்று படித்திருக்கிறீர்கள். அது 412803. எட்டில் தொடங்கினால் பீகார், ஜார்க்கண்ட் பக்கம் போய்விடும். மகாராஷ்டிரம் நாலில்தான் தொடங்கும்.

சத்தாரா மாவட்டம் என்றால் 415 தானே சார்? சத்தாரா டவுன் 415001. நீங்கள்தான் தப்பாகப் படிக்கிறீர்கள்.

டவுனுக்குச் சரி. ஆனால் முதல் மூன்று எண் தபால் பிரிக்கும் வட்டாரம், கலெக்டர் எல்லை அல்ல. வாயியும் பக்கத்து பஞ்சகனியும் சத்தாரா மாவட்டம், எண் மட்டும் 412.

உறையில் "கணபதி ஆளி" என்று இருக்கிறது. ஆளி யாருடைய பெயர்? "கணபதி தெரு" என்று எழுதிவிடலாமா?

ஆள் இல்லை, தெருதான். ஆனால் மொழிபெயர்க்க வேண்டாம். வாயியில் டெலிவரி பையனுக்கு 'கணபதி ஸ்ட்ரீட்' தெரியாது. பெயர்களை அங்கே உச்சரிக்கிறபடி எழுதுங்கள். 'ஜவள்' (பக்கத்தில்), 'சமோர்' (எதிரில்) போன்றவற்றை மட்டும் ஆங்கிலமாக்குங்கள். 'மு. போ.' என்பது முக்காம் போஸ்ட். அதை At Post என்று எழுதுவது அங்கே வழக்கம். உங்கள் போட்டோவின்படி, பெயர் வரி போக:

```
Ganpati Ali, near Maruti Mandir
At Post Wai, Tal. Wai
Dist. Satara
Maharashtra 412803
```

கீழே மொபைல் எண் கட்டாயம் போடுங்கள்.

என் மகன் ஜப்பானில் இருக்கிறான். அவன் உறையையும் இப்படி மாற்றித் தருவீர்களா?

அது வேறு கதை. ஜப்பானிய எழுத்தைத் தொடவே வேண்டாம், போட்டோவைப் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள். கொண்டுபோய்க் கொடுப்பவர் அதைப் படிப்பார். அடியில் JAPAN என்று பெரிதாக எழுதுங்கள், எந்த நாட்டுக்கு என்று இங்குள்ள கவுண்டருக்குத் தெரியும்.

உறையில் இரண்டு முகவரி இருந்தது. பெரிதாக எழுதியிருந்ததை வைத்து பார்சல் போட்டேன், என் வீட்டுக்கே வந்துவிட்டது!

'ப்ரதி' என்றிருப்பது நீங்கள். 'ப்ரேஷக்' என்ற சின்ன எழுத்துதான் அனுப்பியவர். பல சமயம் உறையின் பின்மடலில் இருக்கும். அதையும் போட்டோ எடுங்கள்.

இன்னொரு மராத்தி உறையில் முத்திரை பின்கோடின் கடைசி எண் மேல் விழுந்திருக்கிறது. இரண்டா, மூன்றா?

மராத்தியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு வளைவுதான் வித்தியாசம், இந்தப் படத்தில் எனக்கும் பிடிபடவில்லை. தபால் துறைத் தளத்தில் உறையில் உள்ள போஸ்ட் பெயரைத் தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் வந்தால் தாலுகாவைப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் போனில் கேட்டுவிடுவதுதான்.