கடையைப் பாதியில் காலி செய்ய நோட்டீஸ்: சாவியை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: கடை ஒப்பந்தம் மூன்று வருடம், இப்போது 16 மாதம் ஆகிறது. 18 மாதம் லாக்-இன். 11-வது பிரிவில் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று இருக்கிறது. எனக்குப் பதில் ஒருவரைக் கொண்டுவந்து விடவும் தயார். “சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் புரோக்கர். நோட்டீஸில் என்ன எழுதுவது?

பதில்: சாவியைப் புதியவரிடம் கொடுக்காதீர்கள். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவர் உள்ளே வந்தால் அது உள்வாடகை. ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். அவர் வாடகை தராவிட்டாலும் உரிமையாளர் உங்களைத்தான் கேட்பார். புரோக்கர் அதற்குள் இருவரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு போயிருப்பார். புதியவரிடம் அட்வான்ஸ் என்று அவர் ஏதாவது வாங்கியிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி வாங்கியிருந்தால் வம்பு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நோட்டீஸின் முதல் பத்தி இப்படி இருக்கட்டும்: “ஒப்பந்தத்தின் 11-வது பிரிவின்படி, இந்த நோட்டீஸ் தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடியும்போது வாடகையை முடித்துக்கொண்டு கடையை ஒப்படைக்கிறேன்.” இதில் ‘ஆள் கிடைத்தால்’, ‘தாங்கள் சம்மதித்தால்’ என்று எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது நோட்டீஸே இல்லை, வெறும் வேண்டுகோள் என்று வாதிட இடம் கொடுக்கிறீர்கள். மாற்று ஆள் விஷயம் தனிப் பத்தியில் வரட்டும்: அவர் பெயர், தொழில், எப்போது வரத் தயார், தங்களுடன் நேரடியாகப் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்வார் என்பது. அதன் கடைசியில், “இதை ஏற்றாலும் மறுத்தாலும் மேற்படி நோட்டீஸ் செல்லும்” என்று ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. மார்ச் 28-ல் எழுதி ஏப்ரல் 3-ல் அவர் கைக்குப் போனால், ஏப்ரல் 3-லிருந்து எண்ணுவதே பத்திரம். மாதக் கடைசியில்தான் முடிய வேண்டும் என்று பிரிவில் இருந்தால், ஜூலை 31 வரை வாடகை உண்டு. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு, பதிவு வசதியும் டெலிவரி ஒப்புகையும் கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உரிமையாளர்கள் இருவர் என்றால் இருவருக்கும் தனித்தனியாக. வாட்ஸப்பில் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் லாக்-இன். “18 மாதத்துக்கு முன் காலி செய்யக் கூடாது” என்று இருந்தால் இப்போதே நோட்டீஸ் கொடுக்கலாம். அது 19-வது மாதத்தில்தானே முடிகிறது. “18 மாதம் முடிந்த பிறகு நோட்டீஸ் கொடுத்து விலகலாம்” என்று இருந்தால் இப்போது கொடுப்பது செல்லாமல் போகலாம். அப்போது 18 முடிந்ததும் கொடுத்து, 21 வரை வாடகை கட்ட வேண்டியிருக்கும். இந்த ஒரு சொல்லில் இரண்டு மாத வாடகை அடங்கியிருக்கிறது. பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பவர்கள் இதைப் படித்துப் பார்ப்பதே இல்லை. அதற்கும் கட்டணம் வாங்குகிறார்கள்! இரண்டாவது வகை வாசகம் என்றால்தான் மாற்று ஆள் கைகொடுப்பார். கடை ஒரு நாள்கூடக் காலியாக இருக்காது என்று காட்டி, அந்த இரண்டு மாதத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பேசலாம்.

உரிமையாளர் சம்மதித்தால் முதலில் உங்கள் ஒப்பந்தம் முடிந்தது என்று கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட்டில் எவ்வளவு, எந்தத் தேதியில் திரும்ப வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். பின்னால் டெபாசிட்டுக்கு வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் அலைய விடுவார்கள். மின் மீட்டர் அளவைக் குறித்து, காலிக் கடையைப் படம் எடுத்து, சாவியை உரிமையாளர் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.